கனடா பிஆருக்குப் பழைய மேனேஜரிடம் ரெஃபரன்ஸ் லெட்டர் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பிஆருக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற ஆன்லைன் முறையில் போடுகிற நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று யார் கூப்பிட்டாலும் பேச்சு கடைசியில் பழைய கம்பெனி லெட்டரில்தான் வந்து நிற்கிறது. ஐஇஎல்டிஎஸ் நம் படிப்பு, பட்டத்தின் மதிப்பீடு நம் பணம், இந்த லெட்டர் மட்டும் இன்னொருவர் கையில் இருக்கிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப வாட்ஸ்அப்பில் அடித்து அலுத்துப்போய் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் போடுகிறவர்களுக்காக எழுதியது. உதாரணத்துக்கு அக்கவுண்ட்ஸ் வேலையை எடுத்திருக்கிறேன், ஏனென்றால் லெட்டர் சொதப்பினால் விண்ணப்பமே கவிழ்கிற வேலை அது.

ரிலீவிங் லெட்டர் இருக்கு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இருக்கு. அது போதாதா?

பெரும்பாலும் போதாது. நம் ஊர் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள்: இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூடிவாகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். அவ்வளவுதான். தினமும் உட்கார்ந்து என்ன வேலை செய்தீர்கள் என்பது அதில் ஒரு வரி கூட இருக்காது.

கனடா அதிகாரிக்கு வேண்டியது அந்த ஒரு விஷயம்தான். அவர்கள் எல்லா வேலைகளையும் என்ஓசி என்கிற தொழில் பட்டியலில் ஐந்து இலக்கக் குறியீடு கொடுத்து வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பொதுவான விளக்கமும் முக்கிய வேலைகளும் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்கிற குறியீட்டின் விளக்கத்துக்கும், அதன் முக்கிய வேலைகளில் கணிசமான பகுதிக்கும் உங்கள் வேலை பொருந்தியதா என்று லெட்டரை வைத்துத்தான் பார்க்கிறார். பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. சர்டிபிகேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், துணை ஆவணமாகக் கூடவே போகட்டும்.

அப்போ லெட்டர்ல என்னென்ன இருந்தே ஆகணும்?

கம்பெனி லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். அதில் கம்பெனியின் முகவரி, போன் நம்பர், மெயில் ஐடி. கையெழுத்துப் போடுபவரின் பெயரும் பதவியும், அவர் உங்களுடைய நேரடி மேலதிகாரியாகவோ எச்ஆர் பொறுப்பில் உள்ளவராகவோ இருக்க வேண்டும். உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பிறகு நீங்கள் அங்கே வகித்த எல்லாப் பதவிகளும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், அதற்கு மேல் கிடைத்த சலுகைகள், செய்த வேலைகள்.

இதில் அடிக்கடி விடுபடுவது வார மணி நேரமும் சலுகைகளும். எச்ஆர் ஆட்களுக்கு இவற்றை எழுதிப் பழக்கமே கிடையாது. சலுகை என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம், பிஎஃப், இஎஸ்ஐ, தீபாவளி போனஸ் என்று இருந்ததை எழுதினால் சரி.

இதை எச்ஆர் கிட்ட கேட்கணுமா, மேனேஜர் கிட்டயா?

விதிப்படி இருவரில் யார் கொடுத்தாலும் செல்லும். நடைமுறையில் பெரிய கம்பெனிகளில் எச்ஆர் ஒரே ஒரு டெம்ப்ளேட் வைத்திருப்பார்கள், "டூட்டீஸ் எழுதித் தருவது எங்கள் பாலிசியில் இல்லை" என்று பதில் வரும். அப்படி வந்தால் அந்த மெயிலை அழிக்காதீர்கள், பின்னால் அதுவே ஒரு ஆவணமாக உதவும்.

முதலில் பழைய மேனேஜரிடம் பேசுவது நல்லது என்பது என் கருத்து. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவருக்குத்தான் தெரியும், எச்ஆரில் யாரிடம் சொன்னால் நடக்கும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். பத்துப் பதினைந்து பேர் இருக்கிற சின்ன கம்பெனி என்றால் முதலாளியும் மேனேஜரும் எச்ஆரும் ஒருவரேதான், பிரச்சினையே இல்லை.

எப்போ கேட்கிறது? ஐடிஏ வந்த பிறகு பார்த்துக்கலாமா?

ஸ்கோர் பார்த்து ஆள் எடுக்கிற பட்டியலான பூலில் பெயர் போடும்போது லெட்டர் யாரும் கேட்பதில்லை, நீங்கள் சொல்வதை நம்பி ஸ்கோர் போடுகிறார்கள். விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு, அதாவது ஐடிஏ, வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். 60 நாள் தாராளமாகத்தான் தெரியும், ஆனால் அதற்குள் போலீஸ் சர்டிபிகேட்டும் பேங்க் லெட்டரும் மெடிக்கலும் இருக்கின்றன, உங்கள் பழைய மேனேஜர் பையன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருப்பார்.

முடிந்துபோன வேலைக்கான லெட்டர் பழசாவதில்லை. ஆறு மாதம் முன்னால் வாங்கி வைத்திருந்தாலும் அதில் உள்ள விவரம் மாறப்போவதில்லை. இப்போது பார்த்துக்கொண்டிருக்கிற வேலைக்கு மட்டும்தான் புதுத் தேதியில் வேண்டும். ஆகவே பழைய கம்பெனி லெட்டரைப் பூலில் போடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். குறியீடு சரியா என்று அப்போதே தெரிந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

வேலையை விட்டு மூணு வருஷமாச்சு, ஒரு பொங்கல் வாழ்த்து கூட அனுப்பலை. திடீர்னு எப்படி கேட்கிறது?

நேராகக் கேளுங்கள். "சார் நல்லா இருக்கீங்களா, ரொம்ப நாளாச்சு" என்று மூன்று நாள் சுற்றி வளைத்துவிட்டு நான்காம் நாள் லெட்டர் கேட்டால்தான் அவருக்குக் கடுப்பாகும். போன் செய்து இரண்டு நிமிடம் பேசுங்கள், அதன் பிறகு எழுத்தில் இப்படி ஒன்று அனுப்புங்கள்:

"வணக்கம் சார். போனில் சொன்னபடி கனடா பிஆருக்கு விண்ணப்பிக்கிறேன். 2019 ஜூன் முதல் 2022 ஆகஸ்ட் வரை உங்களிடம் வேலை பார்த்ததற்கு, என்னென்ன வேலை செய்தேன் என்ற விவரத்தோடு ஒரு லெட்டர் வேண்டும். சேர்ந்த, விலகிய தேதிகள், கடைசி பே ஸ்லிப், நான் பார்த்த வேலைகளின் குறிப்பு எல்லாம் இதோடு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பார்த்துத் தவறு இருந்தால் திருத்துங்கள். கனடாவிலிருந்து உங்களுக்குப் போனோ மெயிலோ வரலாம், வந்தால் உண்மையைச் சொன்னால் போதும், வேறு எந்தப் பொறுப்பும் உங்களுக்கு இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். கம்பெனிக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்."

கவனியுங்கள், கடைசி மூன்று வாக்கியங்களில்தான் காரியம் இருக்கிறது. பெரும்பாலான மேனேஜர்கள் தயங்குவது நம்மைப் பிடிக்காமல் இல்லை, நாளைக்கு ஏதாவது வில்லங்கம் வருமோ என்ற பயம்தான். "இது ஜாமீன் கையெழுத்து மாதிரியா" என்றே ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை என்பதை அவர் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும்.

"நீயே அடிச்சு எடுத்துட்டு வா, கையெழுத்து போட்டுத் தர்றேன்"னு சொல்லிட்டார். இது தப்பில்லையா?

நம் ஊரில் பத்தில் எட்டு லெட்டர் இப்படித்தான் வருகிறது. டிராஃப்ட் நீங்கள் கொடுப்பதில் தப்பில்லை. அவர் படித்துப் பார்த்து, ஆமாம் இதெல்லாம் இவர் செய்தார் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் நிபந்தனை. படிக்காமல் போட்டுக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. ஏன் என்று கீழே போன் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

டிராஃப்டைப் பிடிஎஃப்பாக அனுப்பாமல் திருத்தக்கூடிய வேர்டு ஃபைலாக அனுப்புங்கள். அவர் ஒரு வரியாவது மாற்றினால் சந்தோஷப்படுங்கள், படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

டூட்டீஸ் எப்படி எழுதறது? என்ஓசி பக்கத்துல இருக்கறதை அப்படியே போட்டுடலாமா?

போடாதீர்கள். என்ஓசி பக்கத்தில் உள்ள வாசகங்களை அதிகாரிகள் தினமும் பார்க்கிறார்கள். வரிக்கு வரி அதே சொற்களோடு ஒரு லெட்டர் வந்தால், இது வேலையைப் பார்த்து எழுதியதா பட்டியலைப் பார்த்து எழுதியதா என்ற சந்தேகம்தான் வரும். அதற்காகப் பக்கத்தையே திறக்காமல் எழுதுவதும் தப்பு. பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவைத்து, உங்கள் வேலையை உங்கள் கம்பெனி வார்த்தையில் எழுத வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் லெட்டரைப் பார்ப்போம். பதவி அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். மேனேஜர் நல்ல மனிதர், கேட்டதும் எழுதிக் கொடுத்துவிட்டார்: பில் என்ட்ரி போடுவது, வவுச்சர் பதிவது, பார்ட்டிகளுக்குப் பேமென்ட் அனுப்புவது, ஃபைல் பராமரிப்பது. நான்கும் உண்மை. ஆனால் இதைப் படிக்கிற அதிகாரிக்கு இது 14200, அதாவது அக்கவுண்டிங் கிளார்க் வேலை. வேலைக்கு வேண்டிய படிப்பு, பயிற்சியை வைத்துப் பிரிக்கிற டீர் நிலைகளில் டீர் 4. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் இந்தப் பிரிவுக்கு டீர் 0 முதல் 3 வரைதான் கணக்கில் வரும், ஆகவே மூன்று வருட அனுபவம் மொத்தமும் பூஜ்யம். அவர் விண்ணப்பிக்க நினைத்ததோ 12200, அக்கவுண்டிங் டெக்னீஷியன் மற்றும் புக்கீப்பர், டீர் 2. இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்றால், புக்கீப்பர் கணக்குப் புத்தகம் முழுவதையும் பார்த்துக்கொள்பவர்: லெட்ஜர், பேங்க் ரீகன்சிலியேஷன், டிரயல் பேலன்ஸ், சம்பளப் பட்டியல், அரசுக்குப் போகிற படிவங்கள். கிளார்க் என்பவர் வகுத்து வைத்த முறைப்படி பில்களையும் பதிவுகளையும் கையாள்பவர்.

அந்தப் பெண் உண்மையில் என்ன செய்தார்? மாதக் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டபோது வந்துவிட்டது. 7ஆம் தேதிக்குள் ஜாப்வொர்க் பார்ட்டிகளுக்குப் பிடித்த டிடிஎஸ் கட்ட வேண்டும். 11க்குள் ஜிஎஸ்டிஆர்-1. 15க்குள் பிஎஃப், இஎஸ்ஐ சலான். 20க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. மாதம் முடிந்ததும் இரண்டு பேங்க் கணக்கையும் டாலியோடு ஒத்துப் பார்ப்பது, டிரயல் பேலன்ஸ் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புவது. இவ்வளவையும் மூன்று வருடமாக அவர்தான் பார்த்திருக்கிறார், மேனேஜருக்கும் அது தெரியும், "எழுதணும்னு தோணலைம்மா" என்றார். தினமும் கண்ணில் பட்டது பில் என்ட்ரி, ஆகவே அதை எழுதிவிட்டார்.

திருத்திய லெட்டரில் வேலைகள் இப்படி வந்தன (லெட்டர் ஆங்கிலத்தில்தான் போனது, புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்): "டாலியில் நிறுவனத்தின் முழுக் கணக்குகளையும் பராமரித்தார், விற்பனை, கொள்முதல், நிட்டிங், டையிங், தையல் ஜாப்வொர்க் பில்கள் உட்பட. மாத முடிவில் இரண்டு வங்கிக் கணக்குகளைச் சரிபார்த்து, விடுபட்டவற்றுக்கு ஜர்னல் என்ட்ரி போட்டார். டிரயல் பேலன்ஸ் தயாரித்து, ஆண்டு முடிவில் ஆடிட்டருக்கு வேண்டிய அட்டவணைகளைக் கொடுத்தார். ஏறக்குறைய 60 பேருக்கு மாதச் சம்பளம் கணக்கிட்டு, பிஎஃப், இஎஸ்ஐ சலான்களை உரிய தேதிக்குள் செலுத்தினார். ஜிஎஸ்டி, டிடிஎஸ் படிவங்களைத் தயாரித்துத் தாக்கல் செய்தார். கடன் பாக்கி, செலவு அறிக்கைகளை மாதந்தோறும் எனக்குக் கொடுத்தார்." பில் என்ட்ரி காணாமல் போகவில்லை, முதல் வரிக்குள் அடங்கிவிட்டது. புதிதாக எதுவும் கற்பனை செய்யப்படவும் இல்லை. ஆறேழு வரி போதும், இருபது வரி எழுதினால் நம்பகத்தன்மை குறையும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலண்டரை வைத்துப் பார்த்த பிறகும் பில் என்ட்ரியும் ஃபைலும்தான் மிஞ்சுகிறது என்றால், உங்கள் வேலை 14200தான். மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் லெட்டரால் அதை மாற்ற முடியாது.

"மிகவும் நேர்மையானவர், கடின உழைப்பாளி"ன்னு ரெண்டு வரி சேர்க்கச் சொல்லட்டுமா?

இருந்தால் பாதகமில்லை, பலனும் இல்லை. இது காலேஜ் அட்மிஷனுக்குக் கொடுக்கிற சிபாரிசுக் கடிதம் கிடையாது. அந்த இடத்தில் "60 பேர் சம்பளம்" மாதிரி இன்னொரு விவரம் வந்தால் லெட்டர் வலுவாகும்.

வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை பார்த்தேன், ஷிப்மென்ட் நேரத்துல ராத்திரி பத்து மணி ஆகும். அதை எழுதினா கூடுதல் அனுபவமா எடுத்துப்பாங்களா?

எடுக்க மாட்டார்கள். வாரம் 30 மணி நேரம் என்றால் முழுநேர வேலை, ஒரு வருடத்துக்கு 1,560 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. 30க்கு மேல் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் வருடம் சீக்கிரம் முடியாது. லெட்டரில் வழக்கமான வேலை நேரத்தை எழுதினால் போதும், ஆறு நாள், எட்டு மணி நேரம் என்றால் 48. "முழுநேரப் பணியாளர்" என்று மட்டும் எழுதிவிட்டு எண் போடாமல் விடாதீர்கள்.

சம்பளத்துல பாதி பேங்க்ல, பாதி கையில கொடுத்தாங்க. லெட்டர்ல எதைப் போடறது?

சங்கடமான கேள்வி, ஆனால் திருப்பூர், சிவகாசி, ஈரோடு என்று எங்கே போனாலும் இதுதான் நிலைமை. முதலில் நிம்மதி தருகிற செய்தி: சம்பளம் வாங்கிய வேலையாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, இவ்வளவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும் என்று வரம்பு எதுவும் இந்தப் பிரிவில் வெளிநாட்டு அனுபவத்துக்கு இல்லை. ஆகவே தொகையைப் பெரிதாக்கிக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

லெட்டரில் 25,000, பேங்க் ஸ்டேட்மென்டில் 15,000 என்று இருந்தால் அந்த 10,000க்கு விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள். கையில் கொடுத்ததை எழுத்தில் ஒப்புக்கொள்ள முதலாளி தயாராக இருந்தால் இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் தயாராக இருக்க மாட்டார். அப்படியானால் வங்கி வழியாகக் கொடுத்த ஆண்டுச் சம்பளம் இவ்வளவு என்று தெளிவாகக் குறிப்பிட்டு, பே ஸ்லிப்போடும் ஸ்டேட்மென்டோடும் ஒத்துப்போகிற எண்ணைப் போடட்டும். மீதியைப் பற்றி நீங்கள் தனியாக விளக்கக் கடிதத்தில் சொல்லலாம்.

இதே மாதிரிதான் பிஎஃப் தேதியும். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் கழித்துத்தான் பிஎஃப்பில் பெயர் சேர்த்திருப்பார்கள். லெட்டரில் உண்மையான சேர்ந்த தேதி வரட்டும், பிஎஃப் ஏன் பின்னால் தொடங்கியது என்று அதே லெட்டரில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அதிகாரி கேட்பதற்கு முன்பே பதில் அங்கே இருக்கும்.

அதே கம்பெனியில அசிஸ்டென்ட்டா சேர்ந்து அப்புறம் சீனியர் ஆனேன். ஒரே லிஸ்ட் போட்டா போதுமா?

பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு பதவிக்கும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அப்போது என்ன வேலை, என்ன சம்பளம். முதல் ஒன்றரை வருடம் 14200 மாதிரி வேலையாகவும் அடுத்த ஒன்றரை வருடம் 12200 மாதிரியாகவும் இருந்திருக்கலாம். அப்போது இரண்டாவது பகுதி மட்டும் கணக்கில் வரும், அதுவே ஒரு வருடத் தொடர்ச்சியான அனுபவம் என்ற அடிப்படைத் தகுதிக்குப் போதும். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் எது எப்போது செய்தது என்று தெரியாமல் மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

என் மேனேஜரே கம்பெனியை விட்டுப் போயிட்டார். அவர் கொடுத்தா செல்லுமா?

லெட்டர்ஹெட்டில் அவரால் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. பழைய லெட்டர்ஹெட் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று அதில் அடித்துக் கொடுத்தால் அது போலி ஆவணம். புதிய கம்பெனியின் லெட்டர்ஹெட்டும் வேண்டாம், அந்தக் கம்பெனிக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

செய்ய வேண்டியது இது. அவர் தன் சொந்தப் பெயரில், வெள்ளைத்தாளில் ஒரு உறுதிமொழியாக எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கட்டும்: நான் இந்தக் கம்பெனியில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்தப் பதவியில் இருந்தேன், இன்னார் எனக்குக் கீழே வேலை பார்த்தார், அவர் செய்த வேலைகள் இவை. கூடவே அவர் அங்கே இருந்ததற்கு ஆதாரமாக அவருடைய ரிலீவிங் லெட்டர் நகலோ பழைய விசிட்டிங் கார்டோ வையுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து கம்பெனி கொடுத்த சர்டிபிகேட், அப்பாயின்ட்மென்ட் லெட்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், எச்ஆர் மறுத்த மெயில். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பக்க விளக்கக் கடிதம்: முழு லெட்டர் ஏன் கிடைக்கவில்லை, யாரிடம் எப்போது கேட்டேன், அதற்குப் பதிலாக எது எதை வைத்திருக்கிறேன். கம்பெனியே மூடிவிட்டது என்றாலும் இதே வழிதான்.

இது லெட்டர்ஹெட் லெட்டருக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன், ஏற்பதும் ஏற்காததும் அதிகாரியின் கையில். ஆனால் ஒன்றும் வைக்காமல் விட்டால் விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திருப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. பதிவேற்றும்போது இவை எல்லாவற்றையும் ஒரு கம்பெனிக்கு ஒரு பிடிஎஃப்பாகச் சேருங்கள், அளவு 4 எம்பிக்குள் இருக்க வேண்டும். விளக்கக் கடிதம் முதல் பக்கம்.

நோட்டீஸ் பீரியட் முடிக்காம சண்டை போட்டு வந்துட்டேன். மேனேஜர் போனே எடுக்க மாட்டேங்கறார்.

அவரைத் துரத்தாதீர்கள். அவருக்கு அடுத்த நிலையில் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் யார் என்று யோசியுங்கள். அக்கவுண்ட்ஸ் வேலை என்றால் சீனியர் அக்கவுண்டன்ட், அல்லது வருடா வருடம் உங்களோடு உட்கார்ந்து கணக்கு முடித்த வெளி ஆடிட்டர். அவர் கம்பெனி ஆள் இல்லை, ஆனால் "டிரயல் பேலன்ஸும் அட்டவணைகளும் எனக்குக் கொடுத்தவர் இவர்தான்" என்று தன் லெட்டர்ஹெட்டில் சொல்ல முடியும். மற்றபடி முந்தைய கேள்வியில் சொன்ன அதே கட்டு.

கம்பெனிக்கு ஒரு மெயிலாவது போட்டு வையுங்கள். பதில் வராது என்று தெரிந்தாலும் போடுங்கள், கேட்டதற்கு அத்தாட்சி வேண்டும்.

நிஜமாவே கனடாவிலிருந்து போன் பண்ணுவாங்களா?

எல்லாருக்கும் பண்ணுவதில்லை. சந்தேகம் வந்தால் போன் செய்யலாம், மெயில் அனுப்பலாம். ஆகவே லெட்டரில் உள்ள நம்பர் உண்மையில் எடுக்கப்படுகிற நம்பராக இருக்க வேண்டும். கம்பெனிக்குச் சொந்த டொமைன் இல்லாமல் ஜிமெயில்தான் என்றால், சின்ன கம்பெனிகளில் அது சகஜம், ஜிஎஸ்டி பதிவுச் சான்றிலோ பில்லிலோ அதே மெயில் ஐடி இருக்கிற பக்கம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

போன் வந்தால் கேட்பது சாதாரணக் கேள்விதான்: இவரைத் தெரியுமா, எப்போது வேலை பார்த்தார், என்ன செய்தார். நீங்கள் அடித்துக் கொடுத்த டிராஃப்டில் அவருக்கே தெரியாத வார்த்தைகள் இருந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். "பில் போடுவாருங்க" என்று அவர் சொல்ல, லெட்டரில் ஆறு வரி இருக்க, அதிகாரி எதை நம்புவார்? லெட்டர் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்து வையுங்கள். கம்பெனி வரவேற்பில் இருக்கிறவருக்கும் உங்கள் பெயரைச் சொல்லி வைக்கலாம், அவர் "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று போனை வைத்துவிடக் கூடாது.

ஏஜென்ட் ஒருத்தர், கூடுதலா ரெண்டு வருஷத்துக்கு லெட்டர் "அரேஞ்ச்" பண்ணித் தர்றேங்கறார்...

ஓடி வந்துவிடுங்கள். கனடா குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி தவறான தகவல் கொடுத்தது என்று முடிவானால் ஐந்து வருடத் தடை, அந்தக் காலத்தில் பிஆருக்கே விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.

எங்க மாமா கம்பெனியில வேலை பார்த்தேன். அவரே கையெழுத்து போடலாமா?

போடலாம், உறவுக்காரர் கொடுக்கக் கூடாது என்று தடை எதுவும் இல்லை. ஆனால் அவர் சொல் மட்டும் நிற்காது. சம்பளம் மாதாமாதம் பேங்கில் வந்ததா, பிஎஃப் பிடித்தார்களா, டிடிஎஸ் கணக்கில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று வெளியார் ஆதாரத்தை இரண்டு மடங்கு வையுங்கள். வேறு ஒரு மேனேஜர் அங்கே இருந்தால் அவர் கையெழுத்துப் போடுவது மேல். மாமா சம்பளம் என்று ஒன்று தராமல் செலவுக்குக் கொடுத்தார் என்றால் அதைச் சம்பளம் வாங்கிய வேலை என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம், அந்த அனுபவத்தை விட்டுவிட்டு மற்றதை வைத்துப் பாருங்கள்.

பிஆர் கிடைச்ச பிறகு கனடாவில வேலை தேடும்போதும் இதே லெட்டரைக் காட்டலாமா?

காட்டிப் பெரிய பயன் இல்லை. அங்கே வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் இரண்டு மூன்று பேரின் பெயரும் போன் நம்பரும் கேட்டு, அவர்களிடம் நேரடியாகப் பேசுவார்கள். அப்போது இதே மேனேஜர்தான் வேண்டும், ஆனால் கேள்விகள் வேறு: எப்படி வேலை பார்த்தார், அவசரத்தில் எப்படி நடந்துகொண்டார், மறுபடி எடுப்பீர்களா. டொரன்டோவுக்கும் நமக்கும் நேர வித்தியாசம் ஒன்பதரை மணி நேரமோ பத்தரை மணி நேரமோ இருக்கும், அங்கே அவர்கள் மதியம் கூப்பிட்டால் இங்கே நள்ளிரவு நெருங்கிவிடும். எந்த நேரத்தில் பேசலாம் என்று மேனேஜரிடம் கேட்டு, பெயரோடு அந்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.